'ஷ்ரூட்' என்று எழுதலாமா? நற்சான்றுக் கடிதத்தில் நான்கு சொற்கள்

கேள்வி: வணக்கம் மேடம். மதுரை தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஒன்பது வருஷமா எங்க கடையில் கொள்முதலும் கணக்கும் பார்க்கிற தம்பி சிங்கப்பூரில் ஒரு ஜவுளி கம்பெனிக்கு மனு போட்டிருக்கார். அவங்க என்னிடம் கேரக்டர் ரெஃபரன்ஸ் கேட்கிறாங்க. தம்பி ரொம்பக் கெட்டிக்காரர். பேரேடு முழுக்க தானாவே கத்துக்கிட்டு எக்செலில் ஏத்தினார். வெள்ளைத் துணி வியாபாரி குடோனில் சரக்கு தேங்கிக் கிடக்கிறதைக் கவனிச்சு, மீட்டர் 62 ரூபாய் சொன்னதை 57க்குப் பேசி 4,000 மீட்டர் வாங்கினார். இன்னொரு தடவை, ஈரோட்டில் 55க்குத் தர்றாங்கன்னு சும்மா ஒரு விலையைச் சொல்லி 58க்கு முடிச்சார். முடிச்சுக் கூலியைக் குறைக்கலாம்னு நான் சொன்னப்ப, "இப்ப குறைச்சா சித்திரைக்கு ஆள் கிடைக்காதுண்ணே"ன்னு தடுத்தார். அது சரியாப் போச்சு. சாயப்பட்டறைக்காரர் தனியா கமிஷன் தர்றேன்னதை அன்னைக்கே வந்து சொல்லிட்டார். அகராதியைப் பார்த்தா கிளவர், வைஸ், ஷ்ரூட், கன்னிங்னு நாலு வார்த்தை இருக்கு. "ஹி இஸ் வெரி கன்னிங் இன் பிசினஸ்"னு எழுதினேன். காலேஜில் படிக்கிற மக பார்த்துட்டு "அப்பா, இதை அனுப்பாதீங்க"ங்கிறா. நாலுமே அறிவைத்தானே சொல்லுது? எதை எழுதட்டும்?

பதில்: உங்கள் மகள் சொன்னதுதான் சரி. அந்த வரியை அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் மனதாரப் பாராட்டி எழுதியது, படிப்பவர் கண்ணில் "இந்த ஆள் விஷயத்தில் ஜாக்கிரதை" என்று ஒரு முதலாளி மறைமுகமாகச் சொல்வதாகத் தெரியும். ஒன்பது வருஷம் உழைத்த தம்பிக்கு அந்த ஒரு சொல்லால் வேலை போய்விடலாம்.

நான்கும் அறிவைச் சொல்கின்றன என்பது உண்மைதான். அதனால்தான் அகராதி அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்குகிறது. ஆனால் கேரக்டர் ரெஃபரன்ஸ் படிப்பவர் அறிவு எவ்வளவு என்று பார்ப்பதற்காக அதைப் படிப்பதில்லை. அதற்கு மார்க் பட்டியல் இருக்கிறது, நேர்முகத் தேர்வு இருக்கிறது. எத்தனை வருஷம் வேலை பார்த்தார், என்ன பதவி என்பதற்குப் பணிச்சான்று இருக்கிறது. ஆட்களை வேலைக்கு எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதங்களைப் படிப்பதுதான் என் தொழில். அங்கே எங்கள் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இந்த மூளை யாருக்காக, எந்த வழியில் வேலை செய்தது? நாளைக்கு என் கல்லாப் பெட்டியை இவர் கையில் கொடுத்தால் அது எனக்காக வேலை செய்யுமா, எனக்கு எதிராகத் திரும்புமா? இந்தக் கேள்விக்கு நான்கு சொற்களும் நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன.

நம் பேச்சில் இந்தப் பிரிவு அவ்வளவு கூர்மையாக இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. "விவரமான ஆளுப்பா" என்று மதுரையில் சொன்னால் அது பாராட்டாகவும் இருக்கலாம், எச்சரிக்கையாகவும் இருக்கலாம். சொல்கிறவர் முகத்தைப் பார்த்தே எது என்று புரிந்துகொள்கிறோம். "சாமர்த்தியசாலி"யும் அப்படித்தான். நாம் குரலிலும் முகத்திலும் பிரித்துக் காட்டுவதை ஆங்கிலம் சொல்லிலேயே பிரித்து வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் உங்கள் கடிதத்தைப் பிரிப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது. தாளில் இருக்கும் சொல் மட்டும்தான் தெரியும்.

முதலில் கன்னிங். இன்றைய ஆங்கிலத்தில் ஒரு மனிதரைக் கன்னிங் என்றால், அடுத்தவரை ஏமாற்றிக் காரியம் சாதிக்கும் அறிவு உள்ளவர் என்று பொருள். நம் ஊர்ச் சொல்லில் சூது, கபடம், கள்ளத்தனம். குள்ளநரியைச் சொல்லும் சொல் அது. அகராதியில் "திறமை" என்ற பொருளும் பக்கத்தில் கிடந்து உங்களைக் குழப்பியிருக்கும். அதுவும் பொய்யில்லை, ஆனால் பழைய பொருள். அந்தச் சொல் பிறந்ததே "அறிதல்" என்ற வேரிலிருந்துதான். 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில், நீல நூலிலும் சிவப்பு நூலிலும் வேலை செய்யும் கைவினைஞரை, பூத்தையல்காரரோடும் நெசவாளரோடும் சேர்த்து, 'கன்னிங் வொர்க்மேன்' என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் உங்களுக்கு முடிச்சுப் போட்டுத் தரும் பெண்களின் கைத்திறனைப் பாராட்டவும் இந்தச் சொல் பொருந்தியிருக்கும். இப்போது அந்தப் பொருள் பழைய நூல்களில்தான் உயிரோடு இருக்கிறது. ஒரு திட்டத்தையோ ஒரு இயந்திர அமைப்பையோ வேடிக்கையாகக் கன்னிங் என்று சொல்பவர்கள் உண்டு. நற்சான்றுக் கடிதத்தில், ஒரு ஆளைப் பற்றி, எந்த இடத்திலும் வேண்டாம்.

ஷ்ரூட் வந்த வழி இதற்கு நேர் எதிர். மூஞ்சூறுக்கு ஆங்கிலத்தில் ஷ்ரூ என்று பெயர். நமக்கு அது பிள்ளையாரின் வாகனம். ஐரோப்பாவின் பழைய நம்பிக்கையில் அது கடித்தால் விஷம், கெட்ட பிராணி. அந்தப் பெயரைக் கெட்ட குணமுள்ள மனிதருக்கும் வைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஷ்ரூட். முதலில் தீயவன் என்று பொருள் பட்டது, பிறகு தந்திரக்காரன் என்று ஆனது, கடைசியில் "ஆளையும் நிலவரத்தையும் சரியாக எடை போடத் தெரிந்தவர்" என்ற நல்ல இடத்துக்கு வந்து சேர்ந்தது. கன்னிங் மேலிருந்து கீழே இறங்க, ஷ்ரூட் கீழிருந்து மேலே ஏறியிருக்கிறது. ஆனாலும் பழைய வாசனை அதில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதால், அதை எழுதும்போது கவனம் தேவை. எப்படி என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு துணி பேரங்களுக்கு வருகிறேன். ஷ்ரூடுக்கும் கன்னிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்காது. இரண்டிலும் உங்களுக்கு லாபம். இரண்டிலும் மூளை வேலை செய்திருக்கிறது. நீங்கள் இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே பெருமையோடு சொல்லியிருக்கிறீர்கள்.

முதல் பேரத்தில் தம்பி என்ன செய்தார்? குடோனில் துணி தேங்கியிருக்கிறது, வியாபாரிக்குச் சரக்கு நகர்ந்து பணம் வந்தால் போதும் என்ற நிலை. 62 ரூபாய் என்று வாய் சொன்னாலும் அந்த விலை நிற்காது என்று கணித்தார். இருந்த உண்மையைப் பார்த்தார், அதைவைத்துப் பேசினார். மீட்டருக்கு 5 ரூபாய், 4,000 மீட்டருக்கு 20,000 ரூபாய் மிச்சம். இதில் யாரிடமும் ஒரு பொய் சொல்லவில்லை. நாளைக்கு அந்த வியாபாரியே உங்கள் கடை வாசலில் நின்று, "என் குடோனைப் பார்த்துட்டுல்ல விலை பேசினான், கெட்டிக்காரன்யா" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். இதுதான் ஷ்ரூட்.

இரண்டாவது பேரத்தில் ஈரோட்டு விலை என்று ஒன்று இல்லவே இல்லை. இல்லாத விலையை இருப்பதாக வியாபாரியை நம்பவைத்து 58க்கு முடித்தார். உண்மை தெரிந்தால் அந்த வியாபாரி சிரிக்க மாட்டார், "ஏமாத்திட்டான்" என்பார். இதுதான் கன்னிங். பஜாரில் இது தினமும் நடக்கிறது, எல்லோரும் செய்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். பேரம் பேசும்போது இப்படி ஒரு விலையை அடித்துவிடுவது எதிர்த் தரப்புக்கும் தெரிந்த வழக்கம்தான் என்றும் சொல்லலாம். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடிதம் படிப்பவர் அந்த வழக்கத்துக்குள் இல்லை. "முதலாளிக்காக வெளியாளிடம் பொய் சொன்னவர், தனக்காக முதலாளியிடம் சொல்ல மாட்டாரா?" என்ற கணக்கு அவர் மனதில் தானாக ஓடும்.

ஆகவே ஒரு செயலை எந்தச் சொல்லால் சொல்வது என்று சந்தேகம் வரும்போதெல்லாம், எதிரே இருந்தவருக்கு முழு விவரமும் பிறகு தெரியவந்தால் அவர் என்ன சொல்வார் என்று பாருங்கள். உண்மையை மற்றவரைவிட முன்பாகக் கண்டுகொண்டதால் வந்த லாபம் ஷ்ரூட். மற்றவரை உண்மையிலிருந்து தள்ளி நிறுத்தியதால் வந்த லாபம் கன்னிங். லாபத்தின் அளவு இதில் சேர்த்தியே இல்லை.

ஈரோட்டு விலைக் கதையைக் கடிதத்தில் எழுதாதீர்கள். அதை மறைப்பது ஏமாற்று இல்லையா என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். என் பார்வை இது: நற்சான்று என்பது ஒருவர் செய்த எல்லாவற்றின் பட்டியல் அல்ல, நீங்கள் பொறுப்பேற்றுச் சொல்லக்கூடியவற்றின் தொகுப்பு. எழுதியது உண்மையாக இருக்க வேண்டும். எழுதாதது படிப்பவரைத் தவறான முடிவுக்கு இழுத்துப் போகக் கூடாது. ஒன்பது வருஷத்தில் ஒரு பேரப் பொய் இருப்பதால் அவர் நம்பத்தகாதவர் ஆகிவிடவில்லை. கமிஷனை அன்றைக்கே வந்து சொன்னவர் அவர். ஆனால் அதே காரணத்தால் "அவர் ஒருபோதும் பொய் சொன்னதில்லை" என்றும் எழுதிவிடாதீர்கள். அது உங்களுக்கே தெரிந்த பொய். "என் பணம் தொடர்பான எந்த விஷயத்திலும் அவர் என்னிடம் எதையும் மறைத்ததில்லை" என்று எழுதுங்கள், அது உங்களுக்குத் தெரிந்த உண்மையாக இருந்தால்.

சரி, ஷ்ரூடை எப்படி எழுதுவது? மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அதை மனிதர்மேல் அப்படியே ஒட்டாமல் அவருடைய வேலையின்மேல் ஒட்டுங்கள். 'எ ஷ்ரூட் மேன்' என்றால் அவருடைய மொத்த சுபாவமே கணக்குப் போடும் சுபாவம் என்று ஆகிவிடுகிறது. வீட்டிலும் நட்பிலும்கூட எடைபோட்டுக்கொண்டே இருப்பவர் போலத் தோன்றும். 'எ ஷ்ரூட் பையர்' என்றால் கொள்முதல் மேசையில் மட்டும் அந்தக் கூர்மை. 'எ ஷ்ரூட் ஜட்ஜ் ஆஃப் குவாலிட்டி' என்றால் துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லக்கூடியவர். எல்லை கட்டிவிட்டால் சொல் பத்திரமாகிவிடும்.

இரண்டு, முன்னால் 'வெரி' போடாதீர்கள். மற்ற சொற்களுக்கு 'வெரி' சேர்த்தால் பாராட்டு கூடும். இதற்குச் சேர்த்தால் அந்தப் பழைய மூஞ்சூறு எட்டிப் பார்க்கும். அளவுக்கு மீறிய ஷ்ரூட், கன்னிங்குக்குப் பக்கத்து வீடு.

மூன்றாவதுதான் பலரும் தவறவிடுவது. நேர்மையை அதற்கு முன்னால் வையுங்கள், நடுவில் 'பட்' போடாதீர்கள். 'ஷ்ரூட் பட் ஆனஸ்ட்' என்று எழுதுவது நல்ல நோக்கத்தில்தான். ஆனால் அந்த 'பட்' என்ன சொல்கிறது தெரியுமா? ஷ்ரூடாக இருப்பவர்கள் பொதுவாக நேர்மையாக இருப்பதில்லை, இவர் விதிவிலக்கு என்கிறது. இல்லாத சந்தேகத்தை நீங்களே கிளப்பிவிட்டு, நீங்களே மறுக்கிறீர்கள். கமிஷன் சம்பவத்தை முதலில் எழுதுங்கள். அதைப் படித்து முடித்தவர் அடுத்த பத்தியில் 'ஷ்ரூட் பையர்' என்று பார்க்கும்போது, இந்தக் கூர்மை முதலாளிக்காக வேலை செய்தது என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வரிசை மாறினால் விளைவும் மாறும். முதலில் ஷ்ரூட் என்று படித்தவர், பின்னால் வரும் நேர்மையைச் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

இந்தச் சொல்லின் கத்திமுனை எவ்வளவு மெல்லியது என்பதற்கு உங்கள் தம்பியின் தொழிலிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. பைபிளில் லூக்கா சுவிசேஷத்தில் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரன் கதை. வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும், எஜமானிடம் கடன்பட்டவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் சீட்டில் கடனைக் குறைத்து எழுதவைத்து, அவர்கள் தயவைச் சம்பாதித்துக்கொள்கிறான். எஜமான் அவனை மெச்சுகிறார். அந்த இடத்தில் 1611 பதிப்பு 'வைஸ்லி' என்று எழுதியது. இன்று பரவலாக வாசிக்கப்படும் புதிய சர்வதேசப் பதிப்பு 'ஷ்ரூட்லி' என்கிறது. தமிழில் "புத்தியாய்" என்று இருக்கிறது. எஜமான் பணத்தில் தனக்கு வழி தேடிக்கொண்ட ஒருவனுக்கு வைஸ் என்ற சொல் இன்றைய காதுக்குப் பொருந்தவில்லை, ஷ்ரூட் பொருந்துகிறது. அதாவது, நேர்மை இல்லாத இடத்திலும் ஷ்ரூட் நிற்கும். நேர்மைக்கு அது சாட்சி சொல்லாது. அந்தச் சாட்சியை நீங்கள்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கிளவர். இது எளிமையான சொல், சீக்கிரம் சொல்லிவிடலாம். சட்டென்று புரிந்துகொள்ளும் வேகம், கை லாகவம், புது வேலையைத் தானாகக் கற்றுக்கொள்வது. நம் "சூட்டிகை" இதற்கு ரொம்பப் பக்கம். பேரேட்டை எக்செலுக்கு மாற்றியது கிளவர்தான். குணத்தைப் பற்றி இந்தச் சொல் எதுவும் சொல்லாது; நல்லவரும் கிளவராக இருக்கலாம், திருடரும் இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது அது குறையாகத் தெரியாது. வளர்ந்த ஆளைப் பற்றி எழுதும்போது, பிரிட்டிஷ் வழக்கில் பழகிய காதுகளுக்கு அதில் கொஞ்சம் "ரொம்பத்தான் மூளைக்காரர்" என்ற எரிச்சல் ஒலிப்பதும் உண்டு. தமிழிலும் "அதிமேதாவி" என்று சொல்கிறோமே, அந்தத் திசை.

கணக்குப் பார்ப்பவருக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. 'கிளவர் வித் அக்கவுன்ட்ஸ்' என்று எழுதவே எழுதாதீர்கள். கணக்கு, வரி இவற்றின் பக்கத்தில் கிளவர் வந்தால், எண்களை வளைத்து இல்லாததை இருப்பதாகக் காட்டத் தெரிந்தவர் என்ற வாடை அடிக்கும். கணக்காளரிடம் யாரும் எதிர்பார்ப்பது சரியாக இருப்பதை, நேரத்துக்கு முடிப்பதை. அதனால் 'அக்யூரேட்', 'கேர்ஃபுல்' போன்ற எளிய சொற்களைப் போடுங்கள். எக்செல் விஷயத்துக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே கற்றார், கையெழுத்துப் பேரேடு முழுவதையும் மாற்றினார் என்று நடந்ததை எழுதினாலே போதும். கிளவர் என்ற முடிவைப் படிப்பவரே எடுத்துக்கொள்வார். ஒரு சொல் கட்டாயம் வேண்டுமென்றால் 'குவிக் டு லேர்ன்' நல்லது.

வைஸ் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய சொல். நான்கில் இதுதான் உயர்ந்தது, அதனாலேயே அதிகம் தவறாக எழுதப்படுவதும் இதுதான். வயதும் அனுபவமும் தந்த பக்குவம், எது நல்லது என்று நீண்ட காலப் பார்வையில் முடிவெடுக்கும் நிதானம், தெரிந்ததையும் செய்யாமல் விடத் தெரிவது, இவை எல்லாம் அதில் அடக்கம். ஒரு அறக்கட்டளைக்கு அறங்காவலராகப் போகும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் 'எ வைஸ் மேன்' கம்பீரமாக நிற்கும். முப்பதுகளில் இருக்கும் ஒருவரை, அவருடைய முதலாளியே, வேலை மனுவில் 'வைஸ்' என்று எழுதினால் மேடையில் பொன்னாடை போர்த்திப் பேசியது போலாகிவிடும். படிப்பவர் ஒரு நொடி நிறுத்தி, "இவர் ஆங்கிலம் தெரியாமல் எழுதியிருக்கிறாரா, மிகைப்படுத்துகிறாரா?" என்று யோசிப்பார். இரண்டில் எது தோன்றினாலும் கடிதத்தின் மற்ற வரிகளுக்கும் மதிப்புக் குறையும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் வைஸ் என்ற சொல்லுக்கு உண்மையாகவே தகுதியான சம்பவம் ஒன்று இருக்கிறது, அது கூலி விஷயம். கூலியைக் குறைத்தால் அந்த மாதம் மிச்சம் என்பது கிளவர் மூளைக்கும் எட்டும். ஒவ்வொரு சேலையிலும் ஆயிரக்கணக்கில் முடிச்சு விழ வேண்டிய தொழிலில், பழகிய கைகள் ஒருமுறை வேறு கடைக்குப் போய்விட்டால் அவசரத்துக்குத் திரும்பி வராது என்பதை நினைத்து, மூன்று மாதம் தள்ளி வரும் சித்திரையைப் பார்த்து, அதுவும் முதலாளியிடமே "வேண்டாம்" என்று சொல்வதற்குப் பக்குவம் வேண்டும். அதில் அந்தப் பெண்களுக்கும் நன்மை, உங்களுக்கும் நன்மை. ஷ்ரூடுக்கும் வைஸுக்கும் இடையே உள்ள தூரம் இங்கேதான் தெரிகிறது. துணி பேரத்தில் ஒருவர் லாபம் இன்னொருவர் விட்டுக்கொடுத்தது. கூலி விஷயத்தில் யாரும் எதையும் இழக்கவில்லை.

இதை எழுதும் வழி, வைஸை ஆளின்மேல் வைக்காமல் முடிவின்மேல் வைப்பது. 'எ வைஸ் டிசிஷன்' அல்லது 'ஹிஸ் அட்வைஸ் வாஸ் வைஸ்' என்று எழுதினால் உறுத்தாது. ஆளைப் பற்றிச் சொல்ல 'சவுண்ட் ஜட்ஜ்மென்ட்' என்ற சொற்றொடர் இருக்கிறது. முப்பது வயதுக்காரருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் பொருந்தும், மிகையாகவும் தெரியாது. வேலைக்கு எடுப்பவர்கள் தேடுவதும் அதைத்தான். நீங்கள் சொல்ல வந்த "கெட்டிக்காரர்" என்பதில் பாதிக்கு மேல் இந்தச் சொற்றொடரில் அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கடிதங்களில் எழுதாமல் விட்டதையும் நாங்கள் படிக்கிறோம். பணம் கையாண்ட ஒருவரைப் பற்றி அறிவு, வேகம், பேச்சுத் திறமை என்று ஒரு பக்கம் பாராட்டிவிட்டு நாணயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் முடிவு செய்வோம். உங்கள் முதல் வரைவில் இருந்த குறை கன்னிங் மட்டுமல்ல. வியாபாரத் திறமையைச் சொன்ன அந்த வரியில் நாணயம் இல்லை. அதனால்தான் கமிஷன் சம்பவம் கடிதத்தின் தூணாக இருக்க வேண்டும்.

இனி கடிதம். கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் அச்சடித்த லெட்டர்ஹெட்டில், தேதியோடு, ஒரே பக்கத்தில் முடியட்டும். உள்ளடக்கம் இந்த வரிசையில் வரட்டும். தமிழில் சொல்கிறேன், உங்கள் மகள் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுப்பார்:

"இவரை நான் ஒன்பது ஆண்டுகளாக அறிவேன். என் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரத்தில் கொள்முதலையும் கணக்கையும் இவரே பார்த்துவருகிறார். நான் இவருடைய நேரடி முதலாளி, உறவினர் அல்ல.

"என் பணத்தை இவரிடம் நம்பி ஒப்படைத்திருக்கிறேன். எங்களுக்குச் சாயம் தோய்த்துத் தரும் ஒருவர் இவருக்குத் தனியாகக் கமிஷன் தர முன்வந்தபோது, அன்றைக்கே என்னிடம் வந்து சொன்னார். இவர் நேர்மையானவர், நம்பத்தகுந்தவர்.

"இவர் ஒரு ஷ்ரூட் பையர். துணி வியாபாரியிடம் சரக்கு தேங்கியிருப்பதைக் கவனித்து, மீட்டர் 62 ரூபாய் சொன்ன துணியை 57 ரூபாய்க்குப் பேசி, 4,000 மீட்டர் வாங்கினார்.

"இவரிடம் சவுண்ட் ஜட்ஜ்மென்ட் இருக்கிறது. பெரிய விற்பனைக் காலத்துக்கு முன்பு கைவேலைக் கூலியைக் குறைக்க நான் நினைத்தபோது, வேலையாட்களை இழந்துவிடுவோம் என்று எனக்கு எடுத்துச் சொன்னார். அந்த ஆலோசனை வைஸ் என்று பிறகு தெரிந்தது.

"யாரும் கற்றுத்தராமல் எக்செல் கற்று, எங்கள் கையெழுத்துப் பேரேடுகளை அதில் ஏற்றினார். கணக்கில் கவனமானவர்."

இவ்வளவுதான். உறவினர் அல்ல என்ற சொல் உண்மையாக இருந்தால் மட்டும் போடுங்கள். தூரத்து உறவு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் முழுக் கடிதமும் செல்லாக்காசாகிவிடும். "முடிச்சுக் கூலி", "சித்திரை" என்றெல்லாம் எழுதினால் அங்கே இருப்பவருக்குப் புரியாமல் போகலாம் என்பதால் அவற்றைக் கைவேலைக் கூலி, பெரிய விற்பனைக் காலம் என்று மாற்றியிருக்கிறேன். கிளவர் என்ற சொல் எங்கேயும் வரவில்லை, கவனித்திருப்பீர்கள். அதன் தேவை வரவில்லை. ஷ்ரூட் ஒரே ஒரு முறை, ரூபாய்க் கணக்கோடு சேர்ந்து வருகிறது. எண் பக்கத்தில் இருக்கும்போது அந்தச் சொல் வேறு எங்கும் ஓடாது.

கடைசியாக, அவர்கள் உங்களுக்கு ஃபோன் செய்யக்கூடும். பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "மறுபடியும் இவரை வேலைக்கு எடுப்பீர்களா?" என்பது. அடுத்தது, "இவருடைய குறை என்ன?" இரண்டாவது கேள்விக்கு "ஒன்றுமே இல்லை" என்று சொல்லாதீர்கள், நம்ப மாட்டார்கள். சின்னதாக, உண்மையாக ஒன்றைச் சொல்லுங்கள். பேரத்தில் சில நேரம் வேகம் அதிகம், நிறுத்திச் சொன்னால் கேட்டுக்கொள்வார் என்று சொல்லலாம். அது அந்த ஈரோட்டு விலையைப் பற்றியும் உண்மையே. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், எந்த நேரத்தில் கூப்பிட்டால் மகள் பக்கத்தில் இருப்பார் என்பதைக் கடிதத்தின் அடியில், கைபேசி எண்ணுக்குக் கீழே, இந்திய நேரத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கடிதத்தின் நகல் ஒன்றைத் தம்பியிடமும் கொடுங்கள். நேர்முகத்தில் அவரிடமும் இந்தச் சம்பவங்களைத்தான் கேட்பார்கள்.